பழைய எரு, வேகாத எரு

சின்ன வெங்காயம் நட்டு ஒன்பதாம் நாள் சித்தப்பாவின் காட்டுக்குப் போயிருந்தேன். ராசிபுரம் பக்கம், செம்மண் பூமி. பாத்தி பாத்தியாகத் தாள் முளைத்து வந்திருந்தது. ஆனால் எந்தத் தாளிலும் நுனி பச்சையாக இல்லை. தீக்குச்சி காட்டியதுபோல அரை விரல் நீளத்துக்குப் பழுத்துக் கருகியிருந்தது. குனிந்து பார்த்தபோது மூக்கில் நெடி ஏறியது. கோழிப்பண்ணை ஓரமாக பஸ் போகும்போது வருமே, அதே நெடி.

“எருவு பழசுதான் தம்பி. எட்டு மாசமாச் சாளையில கெடந்தது. வாங்கயில ஒரு துளி நாத்தம் இல்ல. கையில அள்ளுனா மாவாட்டம் இருந்துச்சு” என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. மிச்சமிருந்த எருவைச் சாளையில் போய்ப் பார்த்தேன். பொலபொலவென்று காய்ந்து, வாசம் இல்லாமல்தான் இருந்தது. வயலில் தண்ணீர் பட்ட மூன்றாம் நாள் நெடி கிளம்பியது, அந்த வாரக் கடைசியில் நுனி கருகியது என்பதுதான் நடந்த கதை.

எரு பழசாகிவிட்டால் மக்கிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மாட்டுச் சாணத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்பட்டு வரும். குப்பைக்குழியில் ஈரத்தோடு கிடந்து, மழை வாங்கி, மெதுவாக மக்கும். கோழி எருவுக்கு இது பொருந்தாது. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. அதன் எச்சத்தின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர், யூரிக் அமிலமாக. எருவில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. ஈரம் இருந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்களில் யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். ஈரம் இல்லையென்றால் அது அப்படியே தூங்கும், எட்டு மாதம் ஆனாலும் சரி. வெயிலில் காயப்போட்ட கோழி எரு கருவாடு மாதிரி. காய்ந்ததால் கெடாமல் இருக்கிறது, அவ்வளவுதான், வேகவில்லை. அதைத் தண்ணீரில் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. சித்தப்பாவின் வயலில் அது வெங்காயத்தின் வேர் பக்கத்திலேயே தொடங்கியது.

கூடவே உப்பு. தீவனத்தில் சேர்க்கும் உப்பும், எருவில் உள்ள பொட்டாசியம் முதலான கரையும் உப்புகளும் காய்ந்த எருவில் செறிந்து கிடக்கும். வெங்காயமோ உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. அம்மோனியா வேரைச் சுட, உப்பு தண்ணீரை வேருக்குள் விடாமல் பிடித்துக்கொள்ள, நிலம் நனைந்திருக்கும்போதே தாள் தாகத்தில் கருகியது.

போட்ட அளவையும் கேட்டேன். ஏக்கருக்கு நாலு டன். மாட்டெரு என்றால் அது ஒன்றுமே இல்லை, பத்து டன் கொட்டிப் பழகிய கை. ஆனால் தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். காய்ந்த கோழி எருவில் சுமார் மூன்று சதவீதம், அதாவது ஆறு மடங்கு. ஒரு டன்னில் 30 கிலோ தழைச்சத்து என்றால் யூரியா மூட்டைக் கணக்கில் ஒன்றரை மூட்டை. மணிச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். அது ஒரு டிஏபி மூட்டையில் உள்ளதைவிடக் கூடுதல். சாம்பல்சத்து 20 கிலோ, பொட்டாஷ் மூட்டையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன வெங்காயத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் 60:60:30 கிலோ. ஏக்கருக்குப் பிரித்தால் 24:24:12. சித்தப்பா போட்டது 120 கிலோ தழைச்சத்து, ஐந்து மடங்கு, அதுவும் நடவுக்கு நாலு நாள் முன்னால், ஒரே தடவையில்.

இந்த வட்டாரத்தில் கோழி எருவுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலாக எச்சம் போடும். பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் தினம் ஒரு டன். நாமக்கல் மண்டலத்தில் கோழிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. உயரத்தில் கட்டிய கூண்டுக்குக் கீழே எச்சம் கூம்பு கூம்பாகக் குவிந்து, மாதக்கணக்கில் கிடந்து, பிறகு லோடு லோடாக மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் போகிறது. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் விஷயம் வேறு. அங்கே தரையில் நார்க்கழிவோ உமியோ பரப்பி அதன்மேல் கோழி வளர்ப்பதால் எச்சமும் படுக்கையும் கலந்தே வரும். பார்க்க அது ஏற்கெனவே மக்கியதுபோல இருக்கும். ஆனால் ஈரம் கால் பங்குதான். அது வேக வேண்டுமென்றால் ஒரு டன்னுக்கு 650 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றுவதில்லை. அதனால்தான் அது மூலையில் குவிந்து, பழசாகி, மக்காமலே விற்பனையாகிறது.

அடுத்த பட்டத்துக்கு முன்னால் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எருவை வேக வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து சோற்றுக்குக் குழம்பு மாதிரி, கரிச்சத்துதான் சோறு. தழை ஒரு பங்குக்குக் கரி 25 முதல் 30 பங்கு இருந்தால் அவை நிறைவாகத் தின்று பெருகும். முட்டைக்கோழியின் எச்சத்தில் இந்தக் கரி ஏழெட்டுப் பங்குதான். குழம்பு வழிகிறது, சோறு இல்லை. வழிகிற தழைச்சத்துதான் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. தென்னை நார்க்கழிவில் நேர் எதிர். தழை ஒன்றுக்குக் கரி 112 பங்கு. கூண்டுக்கு அடியிலிருந்து வரும் ஈர எச்சம் ஒரு டன்னில் கரி 100 கிலோ, தழை 13 கிலோ சொச்சம். நார்க்கழிவு ஒரு டன்னில் கரி 290 கிலோ, தழை இரண்டரை கிலோ. இரண்டையும் சம எடையில் சேர்த்தால் 390 கிலோவுக்கு 16 கிலோ. ஒன்றுக்கு இருபத்து நாலு என்று வந்து நிற்கிறது. ஈரக் கணக்கும் கைகொடுக்கிறது. எச்சத்தில் 70 சதவீதம் தண்ணீர், நார்க்கழிவில் 15, 20 சதவீதம். கலவையில் 45 வாக்கில் வரும். கொஞ்சம் தெளித்தால் போதும். காய்ந்த எருவை எடுத்தால் இதே கணக்கில் நார்க்கழிவு இரண்டு டன்னும், தண்ணீர் இரண்டாயிரம் லிட்டருக்கு மேலும் ஆகும். ஆகவே ஈரமாகவே வாங்குவது லாபம். நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. நார்க்கழிவின் கரியில் பெரும்பங்கு லிக்னின் என்னும் மரச்சத்தில் பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிருக்கு அது சுலபத்தில் கிடைக்காது. காகிதத்தில் 24 என்றாலும் குவியலுக்குள் அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதற்காக நறுக்கிய சோளத்தட்டு நாலு கட்டு சேர்த்தோம்.

இடம் வேப்பமர நிழல், கிணற்றுக்கு எதிர்ப்பக்க மேடு. கீழே மரவள்ளிக் குச்சியை அரை அடிக்குப் பரப்பினோம், அடியில் காற்று நுழைவதற்காக. அதன்மேல் எச்சம், நார்க்கழிவு, தட்டு எல்லாவற்றையும் மண்வெட்டியால் புரட்டிக் கலந்து, ஆறடி அகலம், நெஞ்சு உயரம், பன்னிரண்டடி நீளத்துக்குக் குவித்தோம். அடுக்கடுக்காகப் போட்டு விடுகிறவர்கள் உண்டு. அது பார்க்க அழகு, ஆனால் எச்ச அடுக்கு களிமண்போல் ஒட்டிக்கொண்டு உள்ளே காற்று போகாது. ஈரத்தைக் கை சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஓடினால் அதிகம், கை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. நார்க்கழிவு தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். அதனால் தெளித்துவிட்டு மறுநாள் இன்னொரு தடவை பிழிந்து பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள் காலையில் குவியலின் தலையில் ஆவி. நீளக் கம்பி வைத்த வெப்பமானி 61 டிகிரி காட்டியது. வெப்பமானி இல்லாதவர்கள் கடப்பாரையை நடுவில் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டே இருக்க முடிகிறது என்றால் சூடு போதாது. 55 டிகிரிக்கு மேல் வேண்டும். கோழிக் குடலிலிருந்து வரும் சால்மொனெல்லாவும், களை விதைகளும், ஈயின் புழுக்களும் சாவது அந்தச் சூட்டில். அதே சமயம் 70 தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் வெந்துவிடும். அப்போது புரட்டிச் சூட்டை இறக்க வேண்டும்.

சூடு நடுவில்தான் இருக்கிறது, ஓரத்தில் இல்லை. ஓரத்து ஒரு சாண் எரு கதகதப்பாக, ஈ முட்டையிட ஏற்ற பக்குவத்தில் இருக்கும். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிவிட்டால் புழு அங்கேயே வெந்துவிடும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில் திறந்தவெளிக் குவியல் 15 நாள் 55 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அந்த நாட்களில் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐந்து முறை ஒவ்வொரு துகளும் ஒருதரமாவது நடுவுக்குப் போய் வருவதற்காக. நாங்களும் மூன்று நாளுக்கு ஒருதரம் புரட்டினோம். கூலி ஆள் கிடைக்காத ஊரில் இதுதான் இந்த வேலையின் மிகக் கசப்பான பகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் இடுப்பு அதற்குச் சாட்சி.

முதல் புரட்டலில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அம்மோனியா. தழைச்சத்து கண்முன்னே பறக்கிறது என்று அர்த்தம், கரி போதவில்லை. இன்னும் ஐந்தாறு கூடை நார்க்கழிவைக் கலந்து, மேலே பழைய மக்கை நாலு விரற்கடைக்குப் போர்த்தினோம். அந்தப் போர்வை ஆவியோடு வரும் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, “கொஞ்சம் சுண்ணாம்பு தூவுங்கண்ணா, நாத்தமும் போவும் ஈயும் வராது” என்றார். நிறையப் பேர் செய்வதுதான், சிலர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுவார்கள். இரண்டும் காரம். காரம் ஏறினால் எருவில் கரைந்திருக்கும் அம்மோனியம் வாயுவாக மாறி இன்னும் வேகமாகக் கிளம்பும். முட்டைக்கோழித் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச்சத்து நிறையச் சேர்ப்பதால் இந்த எரு ஏற்கெனவே காரமானது. ஏதாவது தூவத்தான் வேண்டும் என்றால் ஜிப்சம் தூவலாம்.

நாற்றம் எல்லாம் ஒன்றல்ல. மூக்கைக் குத்தினால் கரி குறைவு. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று குறைவு, பெரும்பாலும் தண்ணீர் அதிகம். தட்டு சேர்த்துப் புரட்ட வேண்டும். வாடையே இல்லாமல் சூடும் இல்லையென்றால் காய்ந்துவிட்டது, அல்லது குவியல் சிறியது. மூன்றடிக்குக் குறைந்த குவியல் தன் சூட்டைத் தானே தக்கவைத்துக்கொள்ளாது. சித்தப்பாவின் பழைய எரு எட்டு மாதம் இந்த மூன்றாவது நிலையில்தான் இருந்தது.

நாற்பது நாளில் புரட்டினாலும் சூடு ஏறாத நிலை வந்தது. இது முடிவு இல்லை, பாதி வழி. அப்படியே ஈரத்தோடு இன்னும் இரண்டு மாதம் ஆற வேண்டும். தென்னந்தோப்புக்காரர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். ஆறிய எருக்குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. கட்டைவிரல் தடிமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் தட்டுப்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் அதுவே புழுவைத் தாக்கிக் கொல்லும்.

ஆறிய மக்கை எடை போட்டபோது இரண்டு டன் சொச்சம் போட்டது ஒன்றேகால் டன்னுக்கு இறங்கியிருந்தது. தழைச்சத்தில் கால் பங்கு போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், தழை, மணி, சாம்பல் மூன்றுமே தோராயமாக ஒவ்வொரு சதவீதம். காய்ந்த எருவின் மூன்று சதவீதத்தைப் பார்த்தவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். சித்தப்பாவும், “இத்தன பாடுபட்டுச் சத்தக் கொறைச்சதுதான் மிச்சமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மேலும் மக்கில் இருக்கும் தழைச்சத்து முதல் பட்டத்தில் கால் பங்குதான் பயிருக்குக் கிடைக்கும்; மிச்சம் மண்ணோடு இருந்து அடுத்தடுத்த பட்டங்களில் மெதுவாக வரும். மெதுவாக வருவதால்தான் சுடுவதில்லை.

இங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது. சுடாது என்று தெரிந்ததும் தழைச்சத்து முழுவதையும் மக்கிலேயே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஏக்கருக்கு 24 கிலோ கிடைக்க வேண்டும் என்றால், டன்னுக்கு இரண்டரை கிலோ வீதம் பத்து டன் போட வேண்டும். அதோடு மணிச்சத்து 100 கிலோ போய்ச் சேரும். தேவை 24. வருடா வருடம் நாலு மடங்கு மணிச்சத்து மண்ணில் சேர்ந்தால் அது ஆவியாகப் போகாது, யூரியாபோல் கீழே இறங்கியும் ஓடாது. மேல்மண்ணிலேயே தங்கி, மழையில் மண்ணோடு அடித்துக்கொண்டு குட்டைக்குப் போய்ப் பாசி வளர்க்கும். ஆகவே கணக்கை மணிச்சத்தில் தொடங்கி அங்கேயே நிறுத்த வேண்டும். 24 கிலோவுக்கு இரண்டரை டன் மக்கு. அதிலேயே சாம்பல்சத்தும் தேவைக்கு மேல் வந்துவிடும். தழைச்சத்தில் ஆறு கிலோதான் இந்தப் பட்டத்துக்கு. மீதி 18 கிலோவுக்கு 40 கிலோ யூரியா, ஒரு மூட்டைக்கும் குறைவு, மேலுரமாக. இயற்கை முறையில் செய்கிறவர்கள் அந்த இடத்தை முன்பட்டத்துப் பயறு, சணப்பு போன்றவற்றால் நிரப்ப வேண்டும், கூடுதல் மக்கால் அல்ல. இந்தச் சதவீதங்கள் எங்கள் குவியலுடையவை. மூலப்பொருள் மாறினால் எண்ணும் மாறும் என்பதால் மண்ணையும் மக்கையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

பன்றி எருவும் மாட்டு எருவும் இதே அடுப்பில் வேகிறவைதான். மாட்டுச் சாணத்தில் கரி ஏற்கெனவே இருபது பங்கு வாக்கில் இருப்பதால் நார்க்கழிவு அதிகம் வேண்டாம், காற்றுக்குத் தட்டு இருந்தால் போதும். பன்றி எரு தண்ணீராக வரும், தழைச்சத்தும் கூடுதல். அதில் உருண்டைப் புழுக்களின் முட்டைகள் பிடிவாதமானவை. காய்ந்தால் சாகாது, சூட்டில்தான் சாகும். பன்றித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரமும் துத்தநாகமும் எந்தச் சூட்டிலும் போகாது. அப்படிப்பட்ட பண்ணை எருவை ஒரே வயலில் வருடா வருடம் போடக் கூடாது.

வேகாத எருவைப் போடவே கூடாதா என்றால், போடலாம், இடம் பார்த்து. மக்காச்சோளம் விதைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் குறைந்த அளவில் போட்டு உழுது மண்ணுக்குள் தள்ளினால் பெரிதாகக் கெடுதல் இல்லை. மண்ணைத் தொட்டுக்கொண்டு விளையும் பயிருக்கு ஆகாது. மேலே சொன்ன அமெரிக்க விதி, மண்ணைத் தொடும் உணவுப் பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்கிறது. சின்ன வெங்காயம் மூன்று மாதத்துக்குள் பிடுங்கும் பயிர். நடவின்போது பச்சை எரு போட்டால் அந்தக் கணக்கு எப்படியும் நேராகாது. நாமோ வெங்காயத்தை உரித்துப் பழைய சோற்றோடு பச்சையாகக் கடிக்கிறவர்கள். கொத்தமல்லித் தழையும் முள்ளங்கியும் அப்படித்தான். பச்சை எரு அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் வெந்த மக்கில் வைத்தாலும் அதுவரை பட்ட பாடு வீண். எருவில் செத்த கோழி கிடந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அழுகிய கோழியில் வளரும் பாட்டுலிசம் நஞ்சு, அந்த எரு போட்ட காட்டில் மேயும் மாட்டை நாலு கால் துவளப் படுக்க வைத்துவிடும். எழுப்ப மருந்து கிடைப்பது அரிது.

அந்தப் பட்டத்தில் வெங்காயம் நுனி பச்சையாகவே வந்தது. ஆனாலும் சித்தப்பா வெளியில் எரு வாங்குவதை விடவில்லை, மஞ்சளுக்கு வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு லோடு வந்து நின்றபோது நானும் இருந்தேன். “மக்குன எருவுங்க, ஒரு வருசப் பழசு” என்றார் கொண்டுவந்தவர். சித்தப்பா பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தார். ஒரு பிடி எருவைப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மூடியைத் திருகி வெயில் படும் திண்ணையில் வைத்தார். “நாளைக்கு வாங்க. மூடியத் தொறந்து மொதல்ல நீங்க மோந்து பாருங்க. அப்பறம் வெலையப் பேசலாம்” என்றார்.